முதல் கடைக்குச் சொந்தப் பணம் எவ்வளவு, கடன் எவ்வளவு?

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையோரக் கிராமம் ஒன்றில் மோட்டார் காயில் கட்டும் கடை வைப்பதற்காக, தஞ்சாவூரில் ஒன்பது ஆண்டுகள் அதே வேலையைச் செய்துவிட்டு ஊர் திரும்பிய என் அக்கா மகன், இரண்டு ஆலோசனைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். "கடனே வாங்காதே, இருப்பதைப் போட்டு ஆரம்பி" என்பது அவன் அப்பாவின் வார்த்தை. "பேங்க்காரன் கொடுக்கிற வரைக்கும் வாங்கிக்கொள், சொந்தப் பணத்தில் கை வைக்காதே" என்பது அவன் மாமனாரின் வார்த்தை. சிறு தொழில்களுக்குத் திட்ட அறிக்கை எழுதித் தருவதே என் பிழைப்பு என்பதால், இரண்டில் எது சரி என்று நான் சொல்லிவிடுவேன் என்று அவன் எதிர்பார்த்தான். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால், அவனுடைய கணக்கையே இங்கே முழுமையாக எடுத்துக்கொள்கிறேன்.

அவனிடம் இருந்த சேமிப்பு, வைப்புத் தொகையும் வருங்கால வைப்பு நிதியில் எடுத்ததும் சேர்த்து 4,60,000 ரூபாய். இதை அப்படியே தொழிலுக்கான முதல் என்று எழுதிக்கொண்டு தொடங்குவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு. கடை வருமானம் தரத் தொடங்கும் வரையில் வீட்டில் அடுப்பு எரிந்தாக வேண்டும், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியாக வேண்டும். அவன் வீட்டுக்கு மாதம் 18,000 ரூபாய் ஆகிறது. ஆறு மாதச் செலவாக ஏறக்குறைய 1,10,000 ரூபாயை மனைவி பெயரில் உள்ள கணக்கில் போட்டு, அது தொழிலுக்கு இல்லை என்று முதலிலேயே முடிவு செய்தோம். மனைவியின் நகைகளையும் கணக்கில் சேர்க்கவில்லை. அவை அந்தப் பெண்ணுடையவை. அத்துடன், எல்லாம் கைவிட்ட பிறகு குடும்பத்துக்கு மிஞ்சும் கடைசி அரணும் அவைதான். ஆக, தொழிலில் போடக்கூடிய சொந்தப் பணம் 3,50,000 ரூபாய்.

அடுத்து, கடைக்கு என்ன தேவை என்று எழுதினோம். காயில் சுற்றும் இயந்திரம், வார்னிஷ் காயவைக்கும் அடுப்பு, சப்மெர்சிபிள் மோட்டாரைத் தூக்குவதற்கான செயின் பிளாக்கும் ஸ்டாண்டும், சோதனைப் பலகை, கைக்கருவிகள் எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய். கடை அட்வான்ஸ் 60,000. மும்முனை மின் இணைப்பு, வயரிங், அலமாரி, பெயர்ப் பலகை ஆகியவற்றுக்கு 50,000. காப்பர் கம்பி, புஷ், சீல், கெப்பாசிட்டர், கேபிள் என்று முதல் சரக்குக்கு 1,50,000. மொத்தம் ஐந்து லட்சம். இந்தத் தொகைகள் அவன் விசாரித்து வந்த விலைகள். உங்கள் ஊரில், உங்கள் தொழிலில் வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை மாறாது.

இந்த ஐந்து லட்சத்தை ஒரே பணமாகப் பார்க்கக் கூடாது. கடையை ஓராண்டில் மூட நேர்ந்தால் இதில் எது திரும்பி வரும், எது வராது என்று ஒவ்வொரு வரிக்கும் எதிரே எழுதிப் பாருங்கள். இயந்திரங்களைப் பழைய விலைக்கு விற்கலாம். நூற்றுக்கு அறுபது கிடைத்தாலும் 1,44,000 ரூபாய் வரும். அட்வான்ஸ் திரும்பி வரும். காப்பர் கம்பியை எடை போட்டு எடுத்துக்கொள்ள ஆள் உண்டு, ஆனால் புஷ், சீல் போன்ற சில்லறைச் சாமான்கள் பாதி விலைக்கும் போகா. வயரிங்கும் அலமாரியும் பெயர்ப் பலகையும் சுவரோடு போய்விடும். நின்று உழைத்து, தேவைப்பட்டால் விலைபோகும் பொருளுக்குக் கடன் வாங்கலாம். கரைந்துபோகும் செலவுக்குச் சொந்தப் பணம் போட வேண்டும் என்பதே நான் எல்லோருக்கும் சொல்லும் முதல் விதி. கரைந்துபோனதற்கு ஐந்து ஆண்டுகள் தவணை கட்டுவதைப் போல மனிதனை உள்ளுக்குள் அரிப்பது வேறொன்றுமில்லை. அதை இந்த வேலையில் நான் பலமுறை நேரில் பார்த்திருக்கிறேன்.

இந்த விதிப்படி பார்த்தால் கடன், இயந்திரங்களின் விலையில் முக்கால் பங்கோடு, அதாவது 1,80,000 ரூபாயோடு நிற்க வேண்டும். ஆனால் அவன் மாமனார் சொன்னதும் நடக்கக்கூடியதுதான். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பொதுப் பிரிவினர் திட்ட மதிப்பில் நூற்றுக்குப் பத்து, சிறப்புப் பிரிவினர் நூற்றுக்கு ஐந்து போட்டால் போதும். மீதியை வங்கி தரும். அப்படியானால் ஐம்பதாயிரம் போட்டுவிட்டு நாலரை லட்சம் கடனாக வாங்கலாம். பத்து சதவீதம் என்பது அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. இவ்வளவு போட்டால் போதும் என்று அது உங்கள் தொழிலைப் பார்த்துச் சொன்ன அறிவுரை அல்ல. அந்த நாலரை லட்சத்தைத் தாங்க முடியுமா என்பதைக் கடையின் வரவுதான் சொல்ல வேண்டும்.

டெல்டாவில் மோட்டார் வேலைக்கு ஒரு பருவம் உண்டு. ஆற்றுத் தண்ணீர் வராத மாசி முதல் ஆனி வரையில், கோடைப் பயிருக்கும் பருத்திக்கும் குறுவை நாற்றங்காலுக்கும் போர்வெல் இரவு பகலாக ஓடும், காயில் எரியும், கடை வாசலில் மோட்டார்கள் வரிசையில் கிடக்கும். வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஏறிய பிறகு வேலை தணியும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி அடைமழைக் காலத்தில் மோட்டார் கொட்டகைப் பக்கமே யாரும் போகமாட்டார்கள். அவன் தஞ்சாவூரில் பார்த்த வேலையை வைத்து, வாடகை, உதவியாள் கூலி, மின்கட்டணம், சாமான் விலை எல்லாம் போக மாதம் எவ்வளவு நிற்கும் என்று கணக்கிட்டோம். சூடான ஐந்து மாதங்களில் மாதம் 38,000, நடுவாந்திரமான நான்கு மாதங்களில் 24,000, மழை மாதங்கள் மூன்றிலும் 14,000 என்று வந்தது. வீட்டுச் செலவு 18,000 ரூபாயைக் கழித்தால் முதல் வகை மாதத்தில் 20,000 மிச்சம், இரண்டாவதில் 6,000 மிச்சம், மழை மாதத்தில் 4,000 பற்றாக்குறை. ஆண்டு முழுவதும் கூட்டிக் கழித்தால் தவணை கட்டுவதற்கு மிஞ்சுவது 1,12,000 ரூபாய்.

ஆண்டுக்கு 11 சதவீத வட்டியில், குறைந்துவரும் அசலுக்கு மட்டும் வட்டி என்ற முறையில், ஐந்து ஆண்டுகளில் அடைக்கும் கடன் என்றால் லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 2,174 ரூபாய். நாலரை லட்சத்துக்கு மாதம் 9,784; ஆண்டுக்கு ஏறக்குறைய 1,17,400. மிஞ்சுவதைவிடத் தவணை அதிகம். நல்ல ஆண்டிலேயே ஐந்தாயிரம் ரூபாய் பள்ளம் விழுகிறது என்பதை அந்தத் தாளில் பார்த்தபோது, "மாமா, பேங்க்காரர் இதைப் பார்க்கவில்லையா?" என்று கேட்டான். பார்ப்பார்கள். தவணையைப் போல ஒன்றரை மடங்காவது மிச்சம் இருக்கிறதா என்றுதான் வங்கியில் பார்ப்பது வழக்கம். ஆனால் அவர்கள் பார்ப்பது திட்ட அறிக்கையில் எழுதிய வரவை. கடன் கிடைக்க வேண்டும் என்பதற்காக வரவை ஏற்றி எழுதச் சொல்பவர்கள் என்னிடம் அடிக்கடி வருகிறார்கள், நான் மறுத்துவிடுவேன். அந்த ஏற்றிய எண் வங்கியின் கோப்பில் உறங்கும், தவணையோ மாதந்தோறும் வீட்டுக் கதவைத் தட்டும்.

ஒன்றரை மடங்கு என்ற அளவுகோலின்படி அவனால் ஆண்டுக்குச் சுமார் 74,600 ரூபாய் தவணை கட்ட முடியும்; அதற்கு ஈடான கடன் 2,86,000. இதுவும் எல்லாம் நினைத்தபடி நடந்தால் மட்டுமே. ஆகவே சூடான மாதங்களின் வரவில் கால் பங்கு குறைந்தால் என்ன ஆகும் என்று மறுபடி போட்டோம். புதிய கடைக்கு முதல் கோடையில் அந்தக் குறைவு வருவது இயல்பு. 38,000 என்பது 28,500 ஆகும். ஆண்டு மிச்சம் 1,12,000 ரூபாயிலிருந்து 64,500 ரூபாயாக இறங்கும். 2,86,000 கடனைக்கூட அது தாங்காது. 1,80,000 கடனுக்கான தவணை மாதம் 3,914, ஆண்டுக்கு 47,000 என்பதால் அதைத் தாங்கிக்கொண்டு 17,500 மிஞ்சும். இயந்திர விலையை வைத்துப் போட்ட எல்லையும், மெலிந்த ஆண்டின் வரவை வைத்துப் போட்ட எல்லையும் ஒன்றுக்கொன்று முரணில்லாமல் நின்றதால், கடன் 1,80,000 என்று முடிவாயிற்று. இரண்டு எல்லைகளும் வேறு வேறாக வந்தால் சிறியதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மானியத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மேற்சொன்ன திட்டத்தில் கிராமப்புறப் பொதுப் பிரிவினருக்குத் திட்ட மதிப்பில் 25 சதவீதமும் சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதமும் மானியம் உண்டு. ஆனால் அது கையில் வரும் பணமன்று. மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாக இருந்து, தொழில் நடப்பதைச் சரிபார்த்த பிறகே கடனில் கழியும். அந்தப் பகுதிக்கு வட்டி இல்லை என்பது பெரிய உதவிதான். இருந்தாலும் 1,25,000 மானியத்தைக் கழித்த பிறகும் மீதி 3,25,000 ரூபாய்க்கான தவணை ஆண்டுக்கு 84,800 ஆகிறது. மெலிந்த ஆண்டின் 64,500 அதற்குப் போதாது. மானியம் வேண்டுமென்றால் சொந்தப் பங்கைக் கூட்டி, கடனைக் குறைத்துக் கேட்க வேண்டும். மேலும் இத்திட்டம் புதிய தொழில்களுக்கு மட்டுமே. சொந்தப் பணத்தில் கடையைத் திறந்துவிட்டுப் பிறகு விண்ணப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்துத் தகுதியை இழந்தவர்கள் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் முதலில் விசாரித்துவிட்டு, அதன் பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

இப்போது அவன் அப்பா சொன்னதற்கு வருகிறேன். 1,80,000 கடனையும் வாங்காமல், சேமிப்பு முழுவதையும் போட்டு, குறைந்ததற்கு நகையை அடகு வைத்தால் வட்டி பெரிதாக இல்லையே என்றார். வட்டி மிச்சந்தான், மறுக்க முடியாது. ஆனால் கையில் காசில்லாத புதுக் கடைக்கு முதல் மழைக்காலத்தில் பணம் தேவைப்பட்டால் எந்த வங்கியும் தராது. கடை தொடங்கும்போது வங்கி கொடுக்கும், தள்ளாடும்போது கொடுக்காது. அப்போது கிடைப்பது நூற்றுக்கு இரண்டு வட்டி, மூன்று வட்டிக் கடன்தான். இரண்டு வட்டி என்பது மாதத்துக்கு. ஆண்டுக்கு 24 சதவீதம், மூன்று வட்டி 36. வாரத் தவணைக்காரரிடமும் தனியார் நிதியிடமும் 12 சதவீதம் என்று சொல்வார்கள். அசல் குறையக் குறைய வட்டி குறையாமல் முழுத் தொகைக்கும் கடைசிவரை போடும் வட்டியென்றால், மூன்று ஆண்டுக் கடனில் அது உண்மையில் சுமார் 21 சதவீதம் ஆகிவிடும். தை மாதத்தில் 11 சதவீதத்துக்கு வாங்க மறுத்த பணத்தைக் கார்த்திகையில் 36 சதவீதத்துக்கு வாங்க நேர்வதைத் தடுப்பதற்காகவே, சொந்தப் பணம் இருந்தும் ஓரளவு கடன் வாங்கச் சொல்கிறேன்.

நகைக் கடனை நான் முற்றாக ஒதுக்கவில்லை. அது பெரும்பாலும் ஓராண்டுக்குள் திருப்ப வேண்டிய கடன் என்பதால், அறுவடைப் பணம் வரும் வரைக்குமான இரண்டு மூன்று மாத இடைவெளியை அடைக்க அது பொருந்தும். ஐந்து ஆண்டு உழைத்துத் தன் விலையை மீட்டுத் தரும் இயந்திரத்துக்குப் பொருந்தாது.

கடன் 1,80,000 என்று முடிவான பிறகு சொந்தப் பணத்தைப் பிரித்தோம். இயந்திரத்தில் மீதி 60,000, அட்வான்ஸ் 60,000, வயரிங்கும் அலமாரியும் 50,000, சரக்கு 1,50,000 என்றால் 3,20,000 போய்விடும், மிஞ்சுவது முப்பதாயிரம். அது போதாது என்பதைக் காட்டியது வாடிக்கையாளர் பாக்கியை எழுதி வைக்கும் கடன் நோட்டு. டெல்டாவில் விவசாயியிடம் வேலை செய்யும் எவரும் அந்த நோட்டை மறந்து திட்டம் போடக் கூடாது. "குறுவை அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் போட்டதும் தருகிறேன் தம்பி" என்று சொல்பவரிடம் மோட்டாரைக் கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுக்காத கடைக்கு அடுத்த முறை அவர் வரமாட்டார். சூடான மாதம் ஒன்றில் எண்பதாயிரத்துக்கு வேலை நடந்து, அதில் கால் பங்கு நோட்டில் ஏறினால் மாதம் இருபதாயிரம். அந்த மாதத்தின் மிச்சமும் இருபதாயிரந்தான் என்பதைக் கவனியுங்கள். மாசி முதல் ஆனி வரை சம்பாதித்த லட்சம் ரூபாய் முழுவதும் புரட்டாசி வரையில் நோட்டில்தான் இருக்கும். காப்பர் கம்பி வாங்கியதற்கோ ரொக்கம் கொடுத்தாகிவிட்டது. லாபம் இருந்தும் கையில் பணம் இல்லாத நிலை இதுதான். ஐந்து தவணைகளையும் சொந்தக் கையிருப்பிலிருந்து கட்ட வேண்டும்.

எனவே மோசமான வரிசையையே எண்ணிப் பார்த்தோம். குறுவைப் பணம் வராமல் நோட்டில் உள்ளது தை அறுவடை வரை தள்ளிப் போனால், மார்கழிக்குள் கையிருப்பிலிருந்து சுமார் 37,000 ரூபாய் போய்விடும். அதோடு கோடை வேலையும் கால் பங்கு குறைந்தால் ஏறக்குறைய 60,000. இவ்விரண்டும் சேர்ந்து வருவது அரிது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறிய பிறகு வாரக்கணக்கில் மின்சாரமே இல்லாத கிராமங்களில், மோட்டார் கடைக்காரர் எதைக் காயில் கட்டியிருக்க முடியும்? ஆகவே சரக்கை 90,000 ரூபாயாகக் குறைத்தோம். அதிகம் ஓடும் அளவுகளில் மட்டும் கம்பி வைத்துக்கொண்டு, மற்றதை வேலை வரும்போது தஞ்சாவூர் மொத்தக் கடையில் எடுத்துவருவது என்று ஏற்பாடு. அப்படிச் செய்ததில் தொழிலில் போட்ட சொந்தப் பணம் 2,60,000. கடைக்கென்று தனிக் கணக்கில் நின்ற கையிருப்பு 90,000. வீட்டுக்கான 1,10,000 இதில் சேராது.

சரக்குக்கும் நோட்டுக் கடனுக்கும் வங்கியில் வேறு வகைக் கடன் ஒன்று உண்டு. எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய அந்த ரொக்கக் கடன் கணக்கில், எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. ஆண்டு விற்பனை மதிப்பீட்டில் நூற்றுக்கு இருபது வங்கி தருவதும் நூற்றுக்கு ஐந்து உரிமையாளர் போடுவதும் சிறு தொழிலுக்கான வழக்கமான அளவு. ஓராண்டு விற்பனை கணக்கில் தெரிந்த பிறகு அதைக் கேட்கலாம் என்று தள்ளி வைத்தோம். விற்பனைப் பணம் கடைக் கணக்கின் வழியாகவே போய்வந்தால்தான் அப்போது காட்ட ஏதாவது இருக்கும்.

கடையை ஓராண்டில் மூட நேர்ந்தால் என்ன மிஞ்சும் என்று கடைசியாக ஒரு முறை பார்த்தோம். 1,80,000 கடனில் பன்னிரண்டு தவணைக்குப் பிறகு பாக்கி சுமார் 1,51,000. பழைய இயந்திரமும் அட்வான்ஸும் சேர்ந்து 2,04,000 தரும் என்பதால் கடன் அடைந்துவிடும். அவன் இழப்பது தன் பணத்தில் ஒரு பகுதியை. நாலரை லட்சம் வாங்கியிருந்தால் பாக்கி சுமார் 3,78,500 இருந்திருக்கும். கடையை விற்றும் அடையாமல், சேமிப்பில் கை வைக்க வேண்டியிருந்திருக்கும். இதைக் கேட்ட பிறகுதான் மாமனார் சமாதானமானார்.

ஆவணி அல்லாமல் தை கடைசியில் கடையைத் திறக்கச் சொன்னேன். சூடான மாதங்கள் முதலில் வரட்டும் என்பதற்காக. ஆனி முடிவில் அவன் நோட்டைக் கொண்டுவந்து காட்டியபோது வெளியில் நின்றது 92,000 ரூபாய். கையிருப்பு 68,000 ரூபாயாக இறங்கியிருந்தது. முகம் வாடியிருந்தது. நோட்டில் பெயர்களுக்கு எதிரே எந்த அறுவடைக்குத் தருவதாகச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறானா என்று பார்த்தேன், எழுதியிருந்தான். குறுவை என்று எழுதியவர்கள் பதினேழு பேர், சம்பா என்று எழுதியவர்கள் நான்கு பேர். சொன்ன அறுவடையில் தராமல் விட்ட பெயர் ஏதாவது மறுபடி ஏறினால்தான் கவலைப்பட வேண்டும். தவணையைக் கட்ட வேறொரு கடன் வாங்கினாலோ, மொத்தக் கடைக்காரருக்குத் தர வேண்டிய நாள் தள்ளிக்கொண்டே போனாலோ அன்றே என்னிடம் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

புரட்டாசி கடைசி வாரத்தில் மறுபடி வந்தான். நோட்டில் 74,000 வசூலாகியிருந்தது. இரண்டாவதாக ஒரு சுற்றும் இயந்திரத்துக்குக் கடன் கேட்கலாமா என்றான். மூன்று மழை மாதத் தவணையை அந்த வசூலிலிருந்து எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, தை அறுவடை முடிந்ததும் அதே தாளை எடுத்துவரச் சொன்னேன்.